வானத்துப் படத்தில் கோளும் விண்மீனும் செய்மதியும்

2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆம் திகதி இரவு, ஆளில்லா விமானங்கள் பறந்தன என்ற காரணத்தால் கொப்பன்ஹேகன் விமான நிலையம் ஏறத்தாழ நான்கு மணி நேரம் மூடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு நாட்களின் பின் ஓல்போர்க் விமான நிலையத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. யூலன்டின் வேறு சில இடங்களிலிருந்தும் செய்திகள் வந்தன. ஐயத்துக்குரிய எதையும் கண்டால் அறிவிக்குமாறு பொலிசார் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டனர். அதன் பின்னான நாட்களில் இந்நாட்டில் வானத்தை அண்ணாந்து பார்த்தவர்களின் தொகை என்றுமில்லாதவாறு பெருகியது. நம்மவர் வீடுகளிலும் அதுவே நடந்தது.

விமான நிலையங்களின் மேல் பறந்தவை எவை என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அதை ஆராய்வது அதற்குரியவர்களின் வேலை. ஆனால் அந்நாட்களில் நம் வீட்டு யன்னலிலிருந்து தெரிந்த ஒளிகள் எவை என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல முடியும். ஊரில் புவியியலும் தமிழும் படிப்பித்த ஓர் ஆசிரியர் என்ற உரிமையில், அவ்வாரம் நமக்குக் காட்டப்பட்ட இரண்டு புகைப்படங்களை முன்வைத்து அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஹேர்னிங் நகரை அண்டி வாழும் குடும்பம் ஒன்று. வீட்டுத் தாயார் வன்னியில் இருந்தவர். அங்கு வேவு விமானத்தை மக்கள் 'வண்டு' என்றே அழைத்தனர். வண்டு சுற்றிப் போனால் பின்னால் என்ன வரும் என்பதை அறிந்தவர்களுக்கு, வானத்தில் அசையாது நின்று மினுங்கும் ஓர் ஒளி வெறும் ஒளியாக இராது. செப்ரெம்பர் 26ஆம் திகதி இரவு ஒன்பது மணியளவில் வடக்குப் பக்கத்து யன்னலில் அவர் அத்தகைய ஒளி ஒன்றைக் கண்டார். சிவப்பும் பச்சையும் நீலமுமாக அது மாறி மாறி மினுங்கியது. திரைச்சேலைகளை மூடச் சொல்லிவிட்டு அன்றிரவு அவர் உறங்கவேயில்லை. மகன் தன் கைத்தொலைபேசியில் அதனைப் படம் எடுத்தான். தென்கிழக்கு மாடத்திலிருந்தும் ஒரு படம் எடுத்தான். அதில் மஞ்சள் நிறப் புள்ளி ஒன்றும், அதற்கு மேலே வெண்ணிறக் கோடு ஒன்றும் இருந்தன. இரண்டையும் பொலிசாருக்கு அனுப்ப முன்னர் நம்மிடம் காட்டினான்.

முதலில் தென்கிழக்குப் படத்தை எடுத்துக்கொள்வோம்.

இரவுப் படம் எடுக்கும்போது கைத்தொலைபேசி தன் கண்ணைப் பல செக்கன்கள் திறந்து வைத்திருக்கிறது. இந்தப் படத்துக்கு அது 10 செக்கன். இக்காலத்தில் வானம் சும்மா இருப்பதில்லை. பூமி சுழல்வதால் விண்மீன்கள் யாவும் மேற்கு நோக்கி நகர்கின்றன. ஆனால் 10 செக்கனில் அவை நகரும் தூரம் முழுநிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டுமே. படத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விண்மீனும் புள்ளியாகவே விழும். கோளும் புள்ளியாகவே விழும். செய்மதியின் நிலை வேறு. தாழ்வான பாதையில் செல்லும் செய்மதி ஒன்று செக்கனுக்கு ஏழரைக் கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது. நமது தலைக்கு நேர்மேலே சென்றால் ஒரு செக்கனில் ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது இரண்டு முழுநிலவு அகலம், கடந்துவிடும். அடிவானத்தை நோக்கி விலகிச் செல்லும்போது அதன் வேகம் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ தோன்றும். எவ்வாறாயினும் 10 செக்கன் படத்தில் அது கோடாகவே விழ வேண்டும்.

ஆனால் கோடு கண்டவுடன் செய்மதி என்று முடிவு கட்டுவது சரியாகாது. கை நடுங்கினாலும் கோடு விழும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. படத்தைப் பெருப்பித்து மற்றப் புள்ளிகளைப் பாருங்கள். கமரா அசைந்திருந்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே வடிவில், ஒரே நீளத்தில், ஒரே பக்கம் இழுபட்டிருக்கும். மகனின் தென்கிழக்குப் படத்தில் மற்றவை யாவும் உருண்டைப் புள்ளிகள். ஒன்று மட்டுமே கோடு. எனவே அங்கு உண்மையில் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது.

அது பயணிகள் விமானமாக இருக்கக்கூடாதா என்பது அடுத்த கேள்வி. விமானத்தின் இறக்கை நுனிகளில் சிவப்பும் பச்சையும் எரிகின்றன. அவற்றோடு ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒரு தடவை வெட்டி மின்னும் வெள்ளை விளக்கும் உண்டு. ஆகவே விமானத்தின் கோடு, நூலில் கோத்த மணிபோல, ஒழுங்கான இடைவெளியில் பிரகாசமான பொட்டுகளைக் கொண்டிருக்கும். செய்மதியில் விளக்கு இல்லை. அது சூரிய ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மட்டுமே தெரிகிறது. அதன் கோடு பொட்டுகள் இன்றி ஒரே சீராக இருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இக்காலக் கைத்தொலைபேசிகள் 10 செக்கனையும் ஒரே மூச்சில் எடுப்பதில்லை. பல குறும்படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகின்றன. அதனால் செய்மதியின் கோடும் சிலவேளை துண்டு துண்டாகத் தெரியும். அவ்வாறாயின் துண்டுகளுக்கிடையே இருப்பது வெறும் இடைவெளியே. பிரகாசமான பொட்டு அங்கு இராது, நிறமும் இராது. விமானத்தையும் செய்மதியையும் பிரிப்பது அந்தப் பொட்டுத்தான்.

மகனின் படத்தில் கோடு வலது மேற்பக்கத்திலிருந்து கீழிறங்கி, அடிவானத்துக்கு முப்பது பாகை உயரத்தில், படத்தின் நடுவிலேயே மெல்ல மங்கி மறைந்தது. முகிலும் இல்லை, கூரையும் இல்லை. அவனை மிகவும் கலங்கச் செய்தது இதுவே. 'விளக்கை அணைத்துவிட்டார்கள்' என்று அவன் எண்ணினான். உண்மையில் அது செய்மதி என்பதற்கு மிக உறுதியான சான்று அந்த மறைவேயாகும். அன்று ஹேர்னிங்கில் சூரியன் மறைந்தது மாலை ஏழு மணி கடந்து சில நிமிடங்களில். ஒன்பது மணிக்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 15 பாகையில் இருந்தது. நிலத்தில் இருள் கவிந்திருந்தாலும் நானூறு, ஐந்நூறு கிலோமீற்றர் உயரத்தில் இன்னும் வெயில் இருந்தது. ஆனால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமான கிழக்கிலும் தென்கிழக்கிலும் பூமியின் நிழல் மேலெழுந்துகொண்டிருந்தது. அத்திசையில் செல்லும் செய்மதி அந்நிழலுக்குள் புகுந்தவுடன் ஒளியிழக்கிறது. விளக்குள்ள எதற்கும் இவ்வாறு நேராது. கணக்கிட்டுப் பார்த்தால், அன்று அவ்வேளையில் அத்திசையில் நிழலின் விளிம்பு அத்தகைய செய்மதிகளுக்கு ஏறத்தாழ முப்பது பாகை உயரத்திலேயே வருகிறது. படமும் அதனையே காட்டியது.

இந்த நிழற்கணக்கு டென்மார்க்கில் பருவத்துக்குப் பருவம் பெரிதும் மாறுவதையும் கவனிக்க வேண்டும். யூன் மாதத்தில் யூலன்டின் நடுப்பகுதியில் நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 11 பாகைக்கு மேல் இறங்குவதில்லை. ஆகவே கோடையில் இரவு முழுவதும் செய்மதிகள் தெரியும். டிசெம்பர் நள்ளிரவிலோ சூரியன் 57 பாகை கீழே கிடக்கிறது. தாழ்வான செய்மதி எதுவும் வெயிலில் இராது. அந்நேரப் படத்தில் நீண்ட கோடு விழுந்தால் விமானமோ எரிவெள்ளியோ என்று தேட வேண்டுமேயன்றிச் செய்மதி என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் இத்தனை பெரிய வேறுபாடு இல்லை. அங்கு ஆண்டு முழுவதும் மாலைக்குப் பின் சிறிது நேரமும் விடியலுக்கு முன் சிறிது நேரமுமே இவற்றுக்குரிய வேளை.

இனி, அதே படத்தின் மஞ்சள் புள்ளி. அது நகரவில்லை, எனவே விண்மீனோ கோளோ ஆகலாம். பிரகாசமாக இருப்பது கோள் என்று பலர் சொல்வதுண்டு. வெள்ளிக்கும் வியாழனுக்கும் அது பொருந்தும். சனிக்கும் செவ்வாய்க்கும் எப்போதும் பொருந்தாது. கோள் மினுங்காது, விண்மீன் மினுங்கும் என்பது மெய்யே. ஆனால் 10 செக்கன் படத்தில் மினுக்கங்கள் யாவும் ஒன்றாகக் கலந்து அழிந்துவிடுகின்றன. எனவே புள்ளியின் தோற்றத்தை மட்டும் பார்த்து இது கோள், இது விண்மீன் என்று கூற இயலாது. கூறுவதற்கு வேண்டியது அது நின்ற இடம்.

சூரியன் செல்லும் வழியை ஒட்டிய ஒடுக்கமான பட்டையிலேயே கோள்கள் எப்போதும் நிற்கின்றன. நம் முன்னோர் அப்பட்டையைப் பன்னிரண்டு இராசிகளாகவும் இருபத்தேழு நட்சத்திரங்களாகவும் பிரித்தனர். நம் வீடுகளில் சுவாமி அறையில் தொங்கும் பஞ்சாங்கம் இவ்விடத்தில் பயன்படும். பலன் பார்ப்பதற்காக அன்று. கோள் நிற்கும் இடம் பார்ப்பதற்காக. 2025 செப்ரெம்பர் இறுதியில் திருக்கணிதப் பஞ்சாங்கம் சனியை மீனத்தின் தொடக்கத்தில், உத்தரட்டாதியில் வைத்திருந்தது. வாக்கியப் பஞ்சாங்கத்தில் சில பாகைகள் வேறுபடும். வானத்தில் தேடுவதற்கு அவ்வேறுபாடு இடையூறாகாது. பூரட்டாதியும் உத்தரட்டாதியும் சேர்ந்து வானத்தில் ஒரு பெரிய சதுரமாகத் தெரியும் நான்கு விண்மீன்கள். மகனின் படத்தில் அச்சதுரம் மேற்பகுதியில் தெளிவாகவே இருந்தது. அதன் கீழே, அடிவானத்திலிருந்து 14 பாகை உயரத்தில், விண்மீன் வரைபடத்தில் பிரகாசமான எதுவும் குறிக்கப்படாத வெற்றிடத்தில், அந்த மஞ்சள் புள்ளி நின்றது. கையை நீட்டி முட்டியைப் பொத்திப் பிடித்தால் அதன் அகலம் 10 பாகை. ஆகவே ஒன்றரை முட்டி உயரம். வரைபடத்தில் இல்லாத ஒளி இராசிப் பட்டையில் நின்றால் அது கோள். அன்று அங்கு நின்றது சனி. ஐந்து நாட்களுக்கு முன்னர்தான், செப்ரெம்பர் 21இல், அது சூரியனுக்கு நேரெதிரே வந்திருந்தது. சூரியன் மறையும் வேளையில் உதித்து, இரவு முழுவதும் தெரிந்தது.

இதனை உறுதிசெய்ய இன்னொரு வழியும் உண்டு. ஆனால் பொறுமை வேண்டும். இருபது நாட்களின் பின் அதே பகுதியை மீண்டும் படமெடுத்து, சதுரத்தையும் அருகிலுள்ள மங்கல் மீன்களையும் கொண்டு ஒப்பிட வேண்டும். கூரை விளிம்பையோ எதிர்வீட்டுப் புகைக்கூண்டையோ கொண்டு ஒப்பிடுதல் ஆகாது. ஏனெனில் வானம் முழுவதும் நாளுக்கு நான்கு நிமிடம் முந்தி வருகிறது; இருபது நாளில் அது எண்பது நிமிடமாகிவிடும். விண்மீன்கள் தம்முள் இடம் மாறா. சனி அந்த இருபது நாளில் ஒரு பாகைக்கும் மேல் மேற்கே நகர்ந்திருந்தது. முழுநிலவின் அகலத்தைப் போல இரு மடங்குக்கும் அதிகம். இது படத்திலேயே அளக்கக்கூடிய தூரம்.

இம்முறை இந்நாட்டுக்குப் புதியதன்று. 1572 நவம்பர் 11ஆம் திகதி மாலை, அந்நாளில் டென்மார்க்குக்கு உரியதாயிருந்த ஸ்கோனே மாநிலத்தில், டைக்கோ பிராகே என்னும் இளைஞர் கசியோப்பியா கூட்டத்தில் முன்னில்லாத ஒளி ஒன்றைக் கண்டார். தம் கண்ணை நம்பாமல் அருகில் நின்ற பணியாட்களையும் காணச் சொன்னார். பின்னர் அண்டையிலுள்ள விண்மீன்களிலிருந்து அதன் தூரத்தைக் கருவிகொண்டு மாதக்கணக்கில் அளந்தார். அது இம்மியும் நகரவில்லை. ஆகவே அது கோள் அன்று, விண்மீன் மண்டலத்துக்குரியது என்று 1573இல் நூலாக வெளியிட்டார். தொலைநோக்கி அப்போது உலகில் இல்லை. அவர் கையாண்டது அண்டை மீன்களிலிருந்து தூரம் அளக்கும் இதே முறையைத்தான்.

இப்போது தாயாரின் உறக்கத்தைக் கெடுத்த வடக்குப் படத்துக்கு வருவோம். அதில் ஒரே ஒரு பிரகாசமான புள்ளி. பக்கத்தில் மங்கலாகச் சில. உயரம் 17 பாகை, திசை வடக்குக்குச் சற்றுக் கிழக்கே. கோளாக இருக்க வழியில்லை என்பது திசையிலிருந்தே தெரிகிறது. இராசிப் பட்டை வட வானத்தில் அந்த உயரத்துக்கு வருவதில்லை. வரைபடத்தில் அவ்விடத்தில் இருப்பது கப்பெல்லா. நம் பழைய வானநூல்கள் அதனைப் பிரம்மஹிருதயம் என்கின்றன. அன்று அது சனியிலும் பிரகாசமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் கப்பெல்லா உதித்து, வட வானில் உயர ஏறி, மறையும். டென்மார்க்கில் அது மறைவதேயில்லை. கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் மாலை வேளைகளில் வட அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகச் செல்கிறது. தாழ்ந்து நிற்கும் விண்மீனின் ஒளி தடித்த வளிமண்டலத்தினூடே வருகிறது. சூடும் குளிருமாகக் கலைந்துகொண்டிருக்கும் காற்று அந்த ஒளியை ஒவ்வொரு கணமும் வெவ்வேறாக வளைக்கிறது; நிறங்களையும் பிரித்துவிடுகிறது. தாயார் கண்ட சிவப்பும் பச்சையும் நீலமும் அவையே. இங்கு 17 பாகைக்கு மேல் ஏறாத சிரியஸ் விண்மீனும் மாரிகாலத்தில் தெற்கே இதே வேடிக்கையைக் காட்டும்.

கோள் ஏன் அவ்வாறு மினுங்குவதில்லை? விண்மீன் எவ்வளவு பெரிதாயினும் அதன் தொலைவினால் நமக்கு அது ஒரு புள்ளியே. சனிக்கோ வியாழனுக்கோ சிறிதாயினும் ஒரு வட்டம் உண்டு. அவ்வட்டத்தின் ஒரு பகுதியின் ஒளி குறையும் கணத்தில் இன்னொரு பகுதியின் ஒளி கூடுகிறது. மொத்தத்தில் ஒளி சீராகிறது. இதனையும் படத்தில் பிடிக்கலாம். இரவுப் படம் எடுக்கும்போது கைத்தொலைபேசியை வேண்டுமென்றே மெதுவாக ஒரு பக்கம் அசைத்தால் புள்ளி கோடாகும். விண்மீனின் கோட்டில் நிறங்கள் மாறி மாறி மணிமணியாக விழும். கோளின் கோடு பெரும்பாலும் ஒரே நிறத்தில் சீராக இருக்கும். அடிவானத்துக்கு மிக அருகில், ஒரு முட்டி உயரத்துக்குக் கீழே, கோளும் சிறிது மினுங்கும். ஆகவே அங்கே இச்சோதனையை நம்ப வேண்டாம்.

ஆனாலும் வன்னியில் வண்டைக் கண்டவருக்கு வளிமண்டலப் பாடம் உறக்கம் தராது. 'பேர் சொல்லிவிட்டீர்கள் மாஸ்ரர். அது ஓரிடத்தில் நின்று எங்களைப் பார்க்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?' என்று தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தரத்தில் நிற்கக்கூடிய ஆளில்லா விமானமும் ஒரு படத்தில் புள்ளியாகத்தான் விழும். ஒரு படம் இதற்கு விடை சொல்லாது. இரண்டு படங்கள் சொல்லும்.

மறுநாள் இரவு மகன் கைத்தொலைபேசியை யன்னற் கட்டையில் புத்தகங்களுக்கிடையே அசையாமல் நிறுத்தினான். ஒன்பது மணிக்கு ஒரு படம். தொடாமல் விட்டு, ஒன்பது பத்துக்கு இன்னொன்று. பத்து நிமிடத்தில் வானம் இரண்டரைப் பாகை சுழல்கிறது. கப்பெல்லா துருவத்துக்குக் கிட்ட இருப்பதால் அதன் பங்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் பாகை, மூன்று நிலவு அகலத்துக்கும் மேல். எதிர்வீட்டுக் கூரை முகட்டிலிருந்து அந்த ஒளி அதே அளவு வலப்பக்கமாகவும் சற்று மேலாகவும் விலகியிருந்தது. பக்கத்திலிருந்த மங்கல் மீன்களும் உடன் விலகியிருந்தன. அவற்றுக்கும் அதற்கும் இடைப்பட்ட தூரம் மாறவில்லை. அந்தரத்தில் நிற்கும் இயந்திரம் கூரையோடு நிற்கும், வானத்தோடு சுழலாது. வானத்தோடு சேர்ந்து போவது வானத்துக்குரியது. இரண்டு படங்களையும் மாறி மாறிக் காட்டியபோது தாயார் தாமே கூரையிலிருந்து விரலால் அளந்து பார்த்தார். படங்கள் பொலிசாருக்குப் போகவில்லை.

இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. தெரு விளக்கோ நிலவோ சட்டத்துக்குள் இருந்தால், கமராக் கண்ணாடிக்குள் அதன் ஒளி தெறித்து வானத்தில் ஒரு பொய்ப்புள்ளியை உண்டாக்கும். படத்தின் நடுவை மையமாகக் கொண்டு பார்த்தால் அது விளக்குக்கு நேரெதிர் மூலையில், ஒத்த தூரத்தில் நிற்கும். பெரும்பாலும் பச்சை அல்லது நீல நிறமாக இருக்கும். கமராவைச் சிறிது திருப்பினால் விண்மீன்கள் ஒரு பக்கம் நகர, அது வேறு பக்கம் ஓடும். வெறுங்கண்ணால் பார்த்தால் அவ்விடத்தில் எதுவும் இராது.

மீண்டும் யாராவது இத்தகைய படத்தை நம்மிடம் கொண்டுவருவதானால், நான்கு விடயங்களை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம்: திகதி, மணியும் நிமிடமும், பார்த்த திசை, பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டாவது படம் உண்டா இல்லையா என்பது. இவை இல்லாத புள்ளிக்கு எவராலும் பெயர் சொல்ல முடியாது. இவை இருந்தால் பஞ்சாங்கமும் ஒரு விண்மீன் வரைபடமுமே போதும்.